‘சப்ளை டைமிங்’குக்கு என்ன தமிழ் வைக்கலாம்? (தண்ணி நோட்டீஸ்)

வேலந்தாவளம்:
வணக்கம்ங்க. எங்க பாலக்காடு பார்டர் பஞ்சாயத்துல தண்ணி நேரம் பத்தி மலையாளத்துல நோட்டீஸ் போட்டிருக்காங்க, அதையே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பெரிய எழுத்துல எழுதி டேங்க் பக்கமும் ரேஷன் கடை முன்னாலயும் வைக்கணும்னு மெம்பர் கேட்டாருங்க. ஏற்கனவே யாரோ அவசரத்துல ஒண்ணு எழுதிக் குடுத்திருக்காங்க: “ஒன்றிடவிட்ட திவசங்களில் குடிவெள்ள விதரணம், ராவிலே 6 முதல் 8 வரை.” எழுத்துதான் தமிழ், வார்த்தையெல்லாம் மலையாளம்: வெள்ளம்னா தண்ணி, திவசம்னா நாள், ராவிலேன்னா காலைல. வெள்ளம்னா நமக்கு ஆத்துல பெருக்கெடுத்து வர்றது, திவசம்னா செத்தவங்களுக்குக் குடுக்கறது, ராவுன்னா ராத்திரி. எங்க அம்மாயி இதைப் படிச்சுட்டு ராத்திரி தண்ணி விடுவாங்கன்னு குடத்தோட காத்திருந்தாங்க. அதையெல்லாம் மாத்திட்டேன். மாட்டிக்கிட்டது ரெண்டு இடம்: ‘ஒன்னிடவிட்ட திவசம்’, அப்புறம் இந்த ‘சப்ளை டைமிங்’.

கோயமுத்தூர்:
சப்ளைக்கு ‘நீர் வழங்கல் நேரம்’னு போடுங்க, அரசாங்கக் கடுதாசில எல்லாம் அப்படித்தான் வருது. ஒன்னிடவிட்டதுக்கு ‘ஒற்றைப்படைத் தேதிகளில்’னு எழுதிட்டா யாரும் குழம்ப மாட்டாங்க, காலண்டரைப் பாத்தாப் போதும்.

நகரி:
எங்க தெருவுல குழாயே இல்லீங்க, டேங்கர்தான். அதுக்கு நேரமும் கிடையாது, ஹாரன் சத்தம் கேட்டா ஓடணும், அதுக்கு ஒரு போர்டு எழுதித் தருவீங்களா? தெலுங்குல இதை ‘ரோஜு விடிச்சி ரோஜு’ன்னு சொல்வாங்க, நாம சொல்ற நாள் விட்டு நாள் அதேதானே, அதையே போட்டுடலாமே.

மீனாட்சிபுரம்:
நான் இருபது வருஷத்துக்கு மேல வால்வு திருப்பின ஆளுங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். தேதிக் கணக்கு 31 வர்ற மாசம் ஒடைஞ்சு போயிரும். ஒற்றைத் தேதி லைனுக்கு 31ம் கிடைக்கும், மறுநாள் 1ம் கிடைக்கும். ரெட்டைத் தேதி லைன்காரங்க 30ம் தேதி புடிச்ச தண்ணியை வெச்சு 2ம் தேதி வரைக்கும் ஓட்டணும். நடுவுல ரெண்டு நாள் காயும், அப்பத்தான் சண்டை வரும். இந்த மாதிரி மாசம் வருஷத்துல ஏழு இருக்குங்க. சரி, நாள் விட்டு நாள்னு மட்டும் எழுதினா இன்னிக்கு நம்ம நாளா நாளைக்கான்னு போர்டைப் பாத்து யாருக்கும் தெரியாது. வாரத்துல ஏழு நாள்ங்கறதால இந்த வாரம் திங்க வந்தா அடுத்த வாரம் செவ்வாதான் வரும். அதனால கிழமைப் பேரைச் சொல்லி எழுதறதுதான் நல்லது: மேக்கால லைனுக்கு திங்கள், புதன், வெள்ளி, கெழக்கால லைனுக்கு செவ்வாய், வியாழன், சனி.

இன்னொண்ணு, ‘வழங்கல் நேரம்’னா யாரு கணக்குல நேரம்? நான் 6 மணிக்கு வால்வைத் தொறப்பேன். ஒரு நாள் பூரா காஞ்சு கெடந்த பைப்புல காத்துதான் இருக்கும், அது வெளிய போயி பள்ளத்து வீடுங்க ரொம்பி அப்புறம்தான் மேட்டு வீட்டுக் குழாய்க்கு வரும், எங்க லைன்ல அதுக்கு 6.40 ஆயிரும். நடுவுல யாராச்சும் மோட்டார் வெச்சு உறிஞ்சினா 7 கூட ஆகும். மேட்டு வீட்டுக்காரர் போர்டைப் பாத்துட்டு 6 மணிக்கு வரலீன்னு போன் போடுவாரு. குழாய் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தைத் தள்ளுச்சுன்னா வால்வு தொறந்தாச்சு, தண்ணி வந்துட்டிருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே சத்தம் இல்லீன்னாத்தான் போன் போடணும்.

வேலந்தாவளம்:
அண்ணா, இது எனக்குத் தோணவே இல்லீங்க. அப்ப சப்ளை டைமிங்னு ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. ‘தண்ணீர் திறக்கும் நேரம்’, ‘தண்ணீர் வந்து சேரும் நேரம்’னு பிரிச்சுடலாமா?

“மேற்கு லைன்: திங்கள், புதன், வெள்ளி. தண்ணீர் திறக்கும் நேரம் காலை 6 மணி. மேட்டு வீடுகளுக்கு வந்து சேரும் நேரம் சுமார் 6.40. அடைக்கும் நேரம் காலை 8 மணி.”

இங்கிலீஷ்லயும் ‘ஆல்டர்நேட் டேஸ்’ வேண்டாம், கிழமைப் பேரும் ‘வால்வ் ஓப்பன்ஸ்’, ‘வால்வ் குளோஸஸ்’னும் போட்டுக்கறேன்.

கோயமுத்தூர்:
தேதி விஷயம் நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா ‘திறக்கும் நேரம்’னா டேங்க்கைத் திறக்கறதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா? கலைச்சொல்லா ‘திறப்பு நேரம்’, ‘வரவு நேரம்’னு சுருக்கினா என்ன?

மீனாட்சிபுரம்:
வரவுன்னா எங்கூர்ல கணக்கு நோட்டுல எழுதறதுங்க. ‘வால்வு திறக்கும் நேரம்’னே எழுதுங்க, வால்வு தெரியாத வீடு இங்க இல்ல. 8 மணிக்கு அடைச்சா மேட்டு வீட்டுக்கு ஒரு மணி இருபது நிமிஷம்தான் கெடைக்குது, அதையும் மெம்பர்கிட்ட சொல்லுங்க.

வேலந்தாவளம்:
சொல்றேன்ங்ணா. ஞாயித்துக்கிழமை எந்த லைனுக்குன்னு மலையாள நோட்டீஸ்லயே இல்ல. அதைக் கேட்டுட்டு வந்துதான் போர்டு எழுதணும்.