ஒரு அட்டை முட்டையும் ஒரு புகார்க் கடிதமும்

காரைக்குடி, கேண்டீன் மேலாளர்:
எங்கள் கல்லூரிக் கேண்டீனுக்குத் திங்கட்கிழமை காலை பத்து அட்டை முட்டை வந்தது. கட்டைப் பிரித்தபோது மேலே இருந்த ஒன்பது அட்டைகளும் நன்றாக இருந்தன. அடியில் இருந்த அட்டையில் நான்கு முட்டைகள் உடைந்து ஒழுகியிருந்தன, ஏழில் மெல்லிய விரிசல், ஆறில் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. முட்டை கொடுப்பவருக்கு நான் எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"ஐயா, வணக்கம். இன்று காலை தங்கள் வண்டியில் வந்த பத்து அட்டைகளில் ஒன்றில், 30 முட்டைகளில் 17 பயன்படுத்தத் தகுதியற்றவையாக இருந்தன. மாணவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் இத்தகைய முட்டைகளைச் சேர்க்க இயலாது. அந்த அட்டைக்கு மாற்று அட்டை அனுப்புமாறும், இனி எங்கள் ஆள் எண்ணிப் பார்க்கும் வரை வண்டிக்காரத் தம்பியைக் காத்திருக்கச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

'இறக்கும்போது உங்கள் ஆட்களே உடைத்திருப்பார்கள்' என்று அவர் பதில் சொன்னார். சலானில் எங்கள் பையன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான் என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

கானாடுகாத்தான், விருந்தினர் இல்லச் சமையல் பொறுப்பாளர்:
தம்பி, முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தீர்களா? மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது. எச்சம் ஒட்டியவற்றை நன்றாகக் கழுவி வைத்துக்கொண்டால் ஆறு முட்டைகள் வீணாகாமல் தப்பிக்குமே.

தேவகோட்டை, முட்டை மொத்த வியாபாரத்தில் இருந்தவர்:
ஆச்சி சொன்னதில் பாதி சரி. மிதப்பது பழைய முட்டை என்பது உண்மை; நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகிறது. ஆனால் அழுக்கையும் விரிசலையும் அந்தச் சோதனை காட்டாது. அன்று இட்ட முட்டையில் எச்சம் இருந்தாலும் அது மூழ்கத்தான் செய்யும். கழுவுவதிலும் ஆபத்து உண்டு. ஓட்டில் நுண்ணிய துளைகள் உள்ளன; முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, வெளியில் இருக்கும் கிருமியை அந்தத் துளைகள் வழியே உள்ளே இழுத்துவிடும். கழுவிய பிறகு வைத்திருப்பது இன்னும் மோசம், ஏனெனில் ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள காப்புப் பூச்சும் போய்விடுகிறது.

மேலாளர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் கடிதம் இரண்டு வேறு குறைகளை ஒரே எண்ணிக்கைக்குள் அடக்கிவிட்டது. எச்சம் பண்ணையில் தரம் பிரிக்கும்போது நேர்ந்த கவனக்குறைவு. அதற்குத் தங்கள் ஆட்கள் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. விரிசல்தான் வழக்குக்கு உரியது. ஒன்பது அட்டைகளின் பாரத்தைத் தாங்கிய அடி அட்டை ஈரப்பட்டு நைந்திருந்ததா என்று பாருங்கள். நைந்த அட்டை முட்டையைத் தாங்காது. ஒழுகிய வெள்ளைக்கரு ஈரமாக இருந்ததா, காய்ந்து அட்டையோடு ஒட்டியிருந்ததா?

காரைக்குடி, கேண்டீன் மேலாளர்:
இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு முட்டைகளை எடுக்கும்போது அட்டையின் நார் ஓட்டோடு பிய்ந்து வந்திருக்கிறது. கரு பசைபோலக் காய்ந்து மஞ்சளாகப் பளபளக்கிறது. கட்டைப் பிரித்தது இறக்கிய பத்து நிமிடத்துக்குள்.

தேவகோட்டை:
அப்படியென்றால் அதுதான் தங்கள் சான்று. பத்து நிமிடத்தில் வெள்ளைக்கரு அவ்வாறு காயாது. அந்த நான்கும் வண்டியிலோ அதற்கு முன்போ உடைந்தவை. படத்துடன் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். மெல்லிய விரிசல் கொண்ட ஏழுக்கு இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. இருட்டில் செல்பேசி விளக்கின் மேல் வைத்தால் விரிசல் கோடாகத் தெரியும். இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று மெல்லத் தட்டினால், விரிசல் இருக்கும்போது கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்கும். ஆனால் எப்போது விரிந்தது என்பதை அது சொல்லாது.

புதுவயல், மெஸ் நடத்துபவர்:
எங்களுக்கும் விலைப் பிரச்சினைதான். நாமக்கல் விலை இறங்கினாலும் எங்கள் ஊர்க்காரர் இறக்குவதில்லை. அதற்குக் கடிதம் எழுதினால் பலன் உண்டா?

காரைக்குடி, கேண்டீன் மேலாளர்:
என் கேள்வி விலை பற்றியதல்ல ஐயா. தேவகோட்டை ஐயா சொன்னபடி திருத்திய கடிதம் இன்று போய்விட்டது: "ஒழுகிய நான்கு முட்டைகளின் கரு அட்டையில் காய்ந்து ஒட்டியிருந்ததால் அவை எங்களிடம் வருவதற்கு முன்பே உடைந்தவை என்பது தெளிவு, படம் இணைத்துள்ளேன். எச்சம் ஒட்டிய ஆறும் பண்ணையிலேயே பிரித்து நீக்கியிருக்க வேண்டியவை." பத்து முட்டைகளுக்கு ஈடு தர அவர் ஒப்புக்கொண்டார். விரிசல் கண்ட ஏழுக்கு மறுத்துவிட்டார். மீதி பதின்மூன்றிலும் ஒழுகிய கரு தெறித்து ஒட்டியிருந்ததால், நல்ல முட்டையாக இருந்தும் ஆம்லெட்டுக்கு உடைத்து ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அவற்றையும் ஈடு கேட்பது நியாயமா?

கானாடுகாத்தான்:
அடித்து ஊற்றாமல், முழுதாக நன்றாக வேகவைத்துக் குழம்புக்குப் போட்டுவிடலாம் தம்பி. அன்றைக்கே செலவழித்துவிடுங்கள்.

தேவகோட்டை:
நான் விற்பவனாக இருந்தபோது கரு தெறித்த அட்டையை முழுதாகவே திரும்ப எடுத்துக்கொள்வேன். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அடுத்த முறை அடி அட்டையை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் சலானிலேயே எழுதி, வண்டிக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.