ஓராண்டுத் தீர்மானங்களைப் பதிவேடாக்கினேன். தேடினால் ஐந்து விடைகள் வருகின்றன. எது நடப்பில் இருக்கிறது?

செயலக உதவியாளர் (கேள்வி):
வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ஓராண்டு முடிவுகளை ஒரே பதிவேடாகத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆட்சிக்குழுக் கூட்டங்கள் 11, மூன்று துணைக்குழுக்களின் கூட்டங்கள் 26, ஆக 37 கூட்டக் குறிப்புகள். ஒவ்வொரு பொருளையும் ஒரு வரியாகச் சுருக்கி எக்செலில் ஏற்றினேன். யார் எதைத் தேடினாலும் கிடைக்கும் என்று நம்பினேன்.

இந்த ஜனவரியில் கணக்குப் பிரிவினர் ‘முன்பணம்’ என்று தேடியிருக்கிறார்கள். முதலில் வந்த வரியைப் பார்த்து ஒரு விநியோகிப்பாளருக்கு 30% கொடுக்க ஆணை தயாரித்துவிட்டார்கள். கையெழுத்தாகும் முன் தடுத்துவிட்டோம். ஆனால் அந்தப் பிழைக்கு என் சுருக்கமே காரணம். அவர்களுக்குக் கிடைத்த வரிகள் இவை:

ஏப்ரல், கொள்முதல் குழு: முன்பணம் 30% வரை.
மே, ஆட்சிக்குழு: முன்பணம் 20%.
ஜூலை, கொள்முதல் குழு: முன்பணம், வரம்பு.
செப்டம்பர், ஆட்சிக்குழு: முன்பணம் 40%.
டிசம்பர், ஆட்சிக்குழு: முன்பணம் 25%.

37 குறிப்புகளையும் மறுபடி படிக்க வேண்டுமா? எங்கே தவறினேன்?

ஆவணக்கிடங்கு:
சுருக்கமே தேவையில்லை என்பது என் கருத்து. எல்லாக் குறிப்புகளையும் எழுத்துணரி வழியாகத் தேடத்தக்க கோப்புகளாக்கி ஒரே அடைவில் வைத்துவிடுங்கள். மூலத்தில் தேடினால் சுருக்கத்தின் பிழை வராது.

பொருளாளர்:
எங்கள் சங்கத்திலும் இதே தொல்லைதான். யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டோம். முடிந்தவற்றுக்குப் பச்சை நிறம். உங்களுக்கும் அது போதுமே?

பழைய செயலர்:
பொருளாளர் சொல்வது பணிப் பட்டியல். வேலை முடிந்ததும் அதன் வரி மூடப்படும். முன்பண வரம்பு அப்படி முடிகிற வேலையல்ல. இன்னொரு தீர்மானம் மாற்றும்வரை நின்றுகொண்டிருக்கும் விதி. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

ஆவணக்கிடங்கு சொல்வது பாதி சரி. மூலக் கோப்பு தேடத்தக்கதாக இருக்கவேண்டும், ஒவ்வொரு வரியிலிருந்தும் அதற்கு இணைப்பும் வேண்டும். ஆனால் மூலத்தில் தேடினாலும் இதே ஐந்து இடங்கள்தான் வரும். எது எதை மாற்றியது என்பதை ஏப்ரல் குறிப்பு சொல்லாது, ஏனென்றால் டிசம்பரில் நடக்கப்போவது அதற்குத் தெரியாது.

கேட்டவருக்கு: அந்த ஐந்து இடங்களிலும் உள்ள மூல வாசகத்தை, வினைச்சொல் வரை முழுமையாக எழுதுங்கள்.

செயலக உதவியாளர்:
ஏப்ரல்: “முன்பணம் 30% வரை வழங்கலாம் என ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.”
மே: “உச்சவரம்பு 20% எனவும், 10 விழுக்காட்டுக்கு மேல் வழங்கும்போது வங்கி உத்தரவாதம் பெறவேண்டும் எனவும் தீர்மானிக்கப்பட்டது.”
ஜூலை: “ஆட்சிக்குழுவின் முன்பண முடிவு குறித்துக்கொள்ளப்பட்டது.”
செப்டம்பர்: “குளிர்சாதன இயந்திரக் கொள்முதலுக்கு மட்டும், ஒருமுறை விதிவிலக்காக, 40% வழங்க அனுமதிக்கப்பட்டது.”
டிசம்பர்: “உச்சவரம்பு ஜனவரி 1 முதல் 25% எனத் திருத்தப்படுகிறது.”

பழைய செயலர்:
இதோ உங்கள் பிழை. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ‘பரிந்துரைக்கப்பட்டது’ போனதும் ஏப்ரல் வரி முடிவுபோல் ஆகிவிட்டது. ‘ஒருமுறை’ போனதும் செப்டம்பர் வரி விதியாகிவிட்டது. மே மாதத்தில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. உத்தரவாத நிபந்தனை உங்கள் பதிவேட்டிலேயே இல்லை.

37 குறிப்புகளையும் முழுதாகப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளின் கடைசி வாக்கியத்தை மட்டும் பாருங்கள். அதன் வினையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்: தீர்மானிக்கப்பட்டது, பரிந்துரைக்கப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வாக்கியத்தில் இரண்டு முடிவுகள் இருந்தால் இரண்டு வரிகள். மூல வாசகத்தை அப்படியே ஒரு பத்தியில் வையுங்கள். சுருக்கம் அதன் பக்கத்தில் நிற்கட்டும், அதற்குப் பதிலாக நிற்கவேண்டாம். பிறகு நடப்புத் தொடக்கம், நடப்பு முடிவு, எந்த வரியை மாற்றுகிறது என்ற மூன்று பத்திகள். டிசம்பர் வரியை எழுதும்போதே மே மாதத்தின் 20% வரிக்குத் திரும்பிப் போய், முடிவுத் தேதியாக டிசம்பர் 31 என்று எழுதவேண்டும். திரும்பிப் போகும் இந்த வேலையைத்தான் பலர் செய்வதில்லை.

ஆவணக்கிடங்கு:
அப்படியானால் துணைக்குழுக்களை விட்டுவிடலாமே? அவை பரிந்துரைக்க மட்டும்தானே முடியும்?

பழைய செயலர்:
எப்போதும் அல்ல. சில விஷயங்களில் ஆட்சிக்குழு தன் அதிகாரத்தைத் துணைக்குழுவுக்கு ஒப்படைத்திருக்கும். அந்த எல்லைக்குள் துணைக்குழு எடுப்பது முழுமையான முடிவுதான். குழுவின் அதிகார வரம்பை எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விரிதாள்:
தேடுவது பற்றி ஒன்று சொல்கிறேன். ‘முன்பணம்’ என்று தேடினால் ‘முன்பணத்தை’, ‘முன்பணத்துக்கு’ என்று எழுதிய வரிகள் வராது. ‘முன்பண’ என்று வெட்டித் தேடினால் எல்லாம் வரும். ‘முன்தொகை’ என்று எழுதியிருந்தால் அதுவும் தப்பிவிடும். ஆகவே பொருட்சொல் என்று ஒரு பத்தி வைத்து, குறிப்பில் எந்தச் சொல் இருந்தாலும் அங்கே ஒரே சொல்லை மட்டும் இடுங்கள். தட்டச்சு செய்யாமல் கீழிறங்கு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள்.

D பொருட்சொல், F வினை, H தொடக்கம், I முடிவு, M1 இல் நீங்கள் கேட்கும் தேதி என்றால், அன்று நடப்பிலிருந்தவை மட்டும் இப்படி வரும்:

```
=FILTER(A2:K600,(D2:D600="முன்பணம்")*
(F2:F600<>"பரிந்துரைக்கப்பட்டது")*
(F2:F600<>"குறித்துக்கொள்ளப்பட்டது")*
(F2:F600<>"ஒத்திவைக்கப்பட்டது")*
(H2:H600<=M1)*
((I2:I600="")+(I2:I600>=M1)),"இல்லை")
```

தேதிப் பத்திகளில் எழுத்தாகப் பதிந்த தேதி ஒன்று இருந்தாலும் விடை தவறும். செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் உண்மையான தேதி, இடப்பக்கம் ஒட்டினால் எழுத்து என்று சந்தேகியுங்கள்.

செயலக உதவியாளர்:
இரண்டு நாட்கள் அமர்ந்து செய்துவிட்டேன். ‘முன்தொகை’ என்று தேடியதும் எனக்குத் தெரியாத ஒரு வரி கிடைத்தது. அக்டோபரில் கூட்டம் கூட்டாமல், உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டு நிறைவேற்றிய தீர்மானம் அது. நவம்பர் குறிப்பில் அது ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று மட்டுமே இருந்தது. அதற்கு எந்தத் தேதியை இடுவது? மே மாதக் குறிப்பும் ஜூன் கூட்டத்தில்தான் உறுதி செய்யப்பட்டது. அங்கேயும் அதே குழப்பம்.

பழைய செயலர்:
குறிப்பை உறுதி செய்வது, நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறோம் என்று ஏற்பது. முடிவை மறுபடி எடுப்பதல்ல. தீர்மானமே வேறு தேதி சொல்லாவிட்டால் மே மாதக் கூட்டத் தேதியை இடுங்கள். சுற்றுத் தீர்மானத்துக்கு, தேவையான பெரும்பான்மை கிடைத்த தேதி. உங்கள் விதிகளில் வேறு மாதிரி இருந்தால் விதிப்படி. நவம்பர் வரி வெறும் குறித்தல்தான். மூலத் தாளைத் தேடி எடுத்து அதற்கும் ஓர் எண் கொடுங்கள். ஆனால் ஜூன் கூட்டத்தில் மே மாதக் குறிப்பில் ஏதாவது திருத்தியிருந்தால், திருத்திய வாசகமே பதிவேட்டில் இருக்கவேண்டும். அதை மட்டும் சரிபாருங்கள்.

செயலக உதவியாளர்:
பார்த்தேன், திருத்தம் இல்லை. M1 இல் ஜனவரி 15 என்று இட்டால் இப்போது இரண்டு வரிகள் வருகின்றன: டிசம்பரின் 25% வரம்பும், மே மாதத்தின் வங்கி உத்தரவாத நிபந்தனையும். அக்டோபர் வரியும் செப்டம்பர் விதிவிலக்கும் அந்தந்தக் கொள்முதல் முடிந்த தேதியோடு மூடப்பட்டுவிட்டன.

ஆனால் டிசம்பர் தீர்மானம் உத்தரவாதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வரம்பை மட்டும் மாற்றினார்களா, மே மாத முடிவு முழுவதையும் மாற்றினார்களா?

விரிதாள்:
சொல்லாததை மாற்றவில்லை என்றுதான் நான் படிப்பேன். ‘உச்சவரம்பு திருத்தப்படுகிறது’ என்பதுதானே வாசகம்.

பழைய செயலர்:
நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனாலும் பதிவேடு எழுதுபவர் அதைத் தீர்க்கக் கூடாது. முடிவுத் தேதியை வெறுமையாக விட்டு, குறிப்புப் பத்தியில் ‘டிசம்பர் திருத்தத்துக்குப் பின் தொடர்கிறதா, விளக்கம் கேட்கப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லித் தலைவருக்குக் கடிதம் வையுங்கள். அதுவரை கணக்குப் பிரிவினர் உத்தரவாதம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

செயலக உதவியாளர்:
கடிதம் இன்று போகிறது. கணக்குப் பிரிவினருக்கும் சொல்லிவிட்டேன்.