நடைச்சுற்றில் விழும் ‘ஜெர்க்’: தமிழில் என்ன சொல்வது?

கவிதா:

நண்பர்களே, பிளெண்டர் மென்பொருளில் நடை அனிமேஷன் செய்வதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். நொடிக்கு 24 பிரேம், இரண்டு அடி வைக்க 24 பிரேம். இடக்கால் முன்னே ஊன்றும் நிலை 1இல், அதன் இடவலம் மாறிய நிலை 13இல், மறுபடி முதல் நிலையே 25இல். இந்த ஓட்டம் முழுவதையும் ‘நடைச்சுற்று’ என்று எழுதியிருக்கிறேன். முதலும் ஈறும் ஒன்றாக இருப்பதால் 25ஆம் பிரேமை ‘அந்தாதி நிலை’ என்கிறேன். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் சுற்று முடியும் இடத்தில் ஒரு தடங்கல் தெரிகிறதே, ஸ்டுடியோக்களில் “ஜெர்க் அடிக்குது” என்பார்களே, அதற்கு ‘திக்கல்’ சரியா?

முருகேசன்:

நிரலாக்கத்தில் சுற்றுக்கு ஏற்கெனவே ‘மடக்கு’ இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் எதற்கு? ‘நடைமடக்கு’ என்றே வைக்கலாம். மடக்கிலிருந்து வெளியேறும் நிபந்தனையைச் சரியாக எழுதினால் தடங்கல் வராது.

கவிதா:

ஐயா, இங்கே நிரல் எதுவும் இல்லை, நிபந்தனையும் இல்லை. மடக்குதல் என்றால் போன வழியே திரும்புவது என்றும் படும். 1இலிருந்து 25 வரை போய், 25இலிருந்து பின்னோக்கி 1க்கு வரும் ஓட்டமும் அனிமேஷனில் உண்டு. ‘மடக்கு’ அதற்குத்தான் கச்சிதம். நடையை அப்படி ஓட்டினால் ஆள் பின்னால் நடப்பார்.

தமிழ்ச்செல்வன்:

அந்தாதி அழகான சொல். கடைசிச் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் தொடக்கத்தில் போய்ச் சேர்வதை மண்டலித்தல் என்பார்கள்; சுற்றுக்கு அதுதான் நேர் உவமை. ஆனால் ஒரு நெருடல். அந்தாதியில் அந்தச் சொல் இரண்டு முறை ஒலிக்கும், ஈற்றில் ஒரு முறை, தொடக்கத்தில் ஒரு முறை. உங்கள் நடையிலும் அந்த நிலை இரண்டு முறை தெரியவேண்டுமா?

ரஹீம்:

தமிழ்ச்செல்வன் ஐயா தொட்டது சரியான இடம். இரண்டு முறை தெரியக்கூடாது. 25ஐயும் ஓட்டினால், 25இல் ஒரு முறை, உடனே 1இல் ஒரு முறை என ஒரே படம் இரண்டு பிரேம் நிற்கும். நொடியில் 24இல் ஒரு பங்குதான், ஆனாலும் கண் பிடித்துவிடும்.

என் கவலை வேறு. ‘ஜெர்க்’ என்று நாம் சொல்வது ஒரே கோளாறு அல்ல, குறைந்தது மூன்று. 25இன் நிலை 1இன் நிலையோடு பொருந்தாமல் உடல் சட்டென்று இடம் மாறுவது ஒன்று. நான் மேலே சொன்ன இரட்டைப் படம் இரண்டாவது. நிலைகள் பொருந்தியும் வேகம் பொருந்தாதது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் ‘திக்கல்’ என்று எழுதினால், படிப்பவர் தவறான மருந்தைத்தான் எடுப்பார். முதலாவதை ‘வெட்டு’, இரண்டாவதைத் ‘தேக்கம்’ எனலாம். மூன்றாவதற்கு ‘நொண்டல்’ என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிரவீன்:

இவ்வளவு யோசிக்க வேண்டாமே. 25இல் நிலையைப் பதிந்துவைத்த கீயை அழித்துவிட்டால் போதும். இரட்டைப் படம் போய்விடும்.

ரஹீம்:

தம்பி, பாதி சரி. 25 ஓடக்கூடாது, ஆனால் அந்தக் கீ இருந்தே ஆகவேண்டும். உதாரணத்துக்கு 22இல் இடுப்பு உச்சியில் இருக்கிறது, அடுத்த கீ 25. அதை அழித்தால் 22க்குப் பிறகு வளைவரைக்குப் போகும் இடம் தெரியாது. 23, 24 இரண்டிலும் இடுப்பு உச்சியிலேயே நிற்கும், பிறகு 1இல் பொத்தென்று விழும். தேக்கத்தை எடுக்கப் போய் வெட்டை வாங்கிக்கொள்கிறோம். கீயை விட்டுவிட்டு, காட்சியின் End எண்ணை 24 ஆக்குங்கள்.

அப்படியும் தடங்கல் தெரிந்தால் அது மூன்றாவது வகை. இடுப்பின் உயரத்தைப் பாருங்கள். 1இல் 95 செ.மீ., 4இல் தாழ்ந்து 92, 7இல் 95, 10இல் எழும்பி 98, 13இல் மறுபடி 95. அடுத்த பாதியும் இதேதான். கால் ஊன்றும் கணத்தில் இடுப்பு நிற்பதில்லை, கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 13இல் இரு பக்கமும் கீ இருப்பதால், வளைவரையின் சாய்வைத் தீர்மானிக்கும் Auto Clamped கைப்பிடி தானாகச் சாய்ந்துகொள்ளும். இடுப்பு பிரேமுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில் வழுக்கிப் போகும். 1க்கு முன்னாலும் 25க்குப் பின்னாலும் கீ இல்லை. அதனால் அங்கே கைப்பிடி படுத்துவிடுகிறது. இடுப்பு 25ஐ நெருங்கும்போது வேகம் குறைந்து நின்று, 1இலிருந்து மறுபடி கிளம்புகிறது. விளைவு, இடக்கால் ஊன்றும்போது மட்டும் தடங்கல், வலக்காலில் இல்லை. அதனால்தான் ‘நொண்டல்’ என்றேன்.

Graph Editor-இல் வளைவரைகளைத் தேர்ந்து Shift+E அழுத்தி, Make Cyclic கொடுங்கள். முதல், கடைசிக் கீகளின் கைப்பிடி Auto Clamped-ஆகவே இருந்தால், பிளெண்டர் 25க்கு அப்பால் 4ஆம் பிரேம் கீ இருப்பதுபோல் கணக்கிட்டுச் சாய்வைப் பொருத்திவிடும். கையால் சாய்வை மாற்றி வைத்திருந்தால் அது நடக்காது. V அழுத்தி வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கவிதா:

என் கோப்பில் கைகளில் இந்தக் கோளாறே தெரியவில்லை, இடுப்பில் மட்டும்தான். இப்போதுதான் புரிகிறது. ஊன்றும் நிலையில் கை வீச்சின் எல்லையில் இருக்கிறது, அங்கே வேகம் இயல்பாகவே சுழியம். படுத்த கைப்பிடிதான் அங்கே சரி.

ரஹீம்:

அதேதான். ஆனால் கை காலைவிட 2 பிரேம் பிந்தவேண்டும் என்று கீகளை 3, 15, 27க்கு நகர்த்தினால், கையும் 1இல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்று கீயையும் சேர்த்தே நகர்த்துங்கள். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 24 மாறாமல் இருந்தால், 1, 2 பிரேம்களை Make Cyclic சேர்த்த Cycles தானே நிரப்பிக்கொள்ளும்.

ஜெனிஃபர்:

எனக்கு நேர்மாறாக நடந்தது. கேமுக்காக இதே நடையை glTF கோப்பாக ஏற்றுமதி செய்தேன். End 24 வைத்து, Limit to Playback Range-ஐயும் குறியிட்டிருந்தேன். கேமில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குதிப்பு. ரஹீம் அண்ணா சொன்ன எண்ணே தப்போ?

ரஹீம்:

படமாக ரெண்டர் செய்யத்தான் 24. கேம் எஞ்சின் பிரேம் எண்ணிப் பார்ப்பதில்லை, நேரம் பார்க்கிறது. 1இலிருந்து 25 வரை கொடுத்தால் கிளிப் சரியாக 1 நொடி. அதன் முடிவும் தொடக்கமும் ஒரே கணம் என்பதால் தேக்கம் வராது. 24இல் வெட்டினால் 24க்கும் 25க்கும் இடைப்பட்ட துண்டு தொலைந்துபோகும். உங்களுடையது வெட்டு. 25 வரை ஏற்றுமதி செய்யுங்கள்.

தமிழ்ச்செல்வன்:

அப்படியானால் ‘அந்தாதி நிலை’ இருக்கட்டும். அது கீயின் பெயர், ஓடும் படத்தின் பெயர் அல்ல என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ஆனால் நொண்டல், திக்கல் இரண்டும் வேண்டாம். உடற்குறை உள்ளவர்களை வையப் பயன்பட்ட சொற்களைக் கோளாறுக்குப் பெயராக வைக்கக்கூடாது. ‘இடறல்’ யாருக்கும் நிகழ்வது.

ரஹீம்:

ஏற்கிறேன், நான் யோசிக்கவில்லை. ஆனால் ‘இடறல்’ என்றால் மூன்றையும் சொல்லலாம்போல இருக்கிறது. நிலை பொருந்தி வேகம் பொருந்தாதது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். ‘வேகமுறிவு’?

பிரவீன்:

வேகமுறிவு பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஸ்டுடியோவில் வாயில் வராது. என் ஓட்டு இடறலுக்கு.

கவிதா:

இப்போதைக்கு வெட்டு, தேக்கம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு ‘இடறல்’ என்று எழுதி, பக்கத்திலேயே இடுப்பின் வளைவரைப் படத்தைப் போடுகிறேன், ஒன்று படுத்த கைப்பிடியோடு, ஒன்று சாய்ந்ததோடு. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

முருகேசன்:

முன்னும் பின்னும் ஓடுவதற்கு ‘மடக்கோட்டம்’ என்று பட்டியலில் சேர்த்துவிட்டேன்.