90 நாளுக்குள் விலகுவோர் விகிதம்: எந்த வகுக்கும் எண் சரி?

வணக்கம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்றின் ஆண்டறிக்கைக்காகப் பணிவிலகல் கணக்கைத் தயாரிக்கும்போது ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஜனவரித் தொடக்கத்தில் 180 பேர் இருந்தார்கள். ஆண்டில் 90 பேர் சேர்ந்து, 50 பேர் விலகியதால், டிசம்பர் இறுதியில் 220 பேர் உள்ளனர். சராசரி 200 என்பதால் அட்ரிஷன் விகிதம் 25%. சென்ற ஆண்டும் இதே 25% வந்ததால் நிலைமை மாறவில்லை என்கிறது நிர்வாகம். ஆனால் விலகிய 50 பேரில் 30 பேர் இதே ஆண்டில் சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்கள் என்பதை அந்த ஒற்றை எண் மறைத்துவிடுகிறது.

முதலில் 30-ஐ 50-ஆல் வகுத்தேன், 60% வந்தது. பழைய ஊழியர்கள் குறைவாக விலகினாலே இந்த எண் ஏறிவிடும் என்பதால் கைவிட்டேன். அடுத்து, சேர்ந்த 90 பேரால் வகுத்தபோது 33% வந்தது. எக்செல்லில் சேர்ந்த தேதிவாரியாகப் பிரித்த பிறகுதான், அக்டோபர் முதல் சேர்ந்த 30 பேரில் 6 பேர் விலகியிருக்க, மற்ற 24 பேரில் பெரும்பாலோர் இன்னும் 90 நாளை எட்டவே இல்லை என்பது தெரிந்தது. செப்டம்பர் வரை சேர்ந்த 60 பேரை மட்டும் எடுத்தால், விலகியவர்கள் 24 பேர், அதாவது 40%.

காரணத்தை இவற்றில் எந்த எண்ணும் சொல்லாது; விலகல் படிவங்களிலும் பெரும்பாலும் ‘சொந்தக் காரணம்’ என்றே இருக்கிறது. இரவுப் பணி அட்டவணை கைக்கு வந்த மறுநாளே, தன் 11-ஆம் நாளில், விலகியவரின் படிவத்திலும் அதுவேதான்.

கடைசி மூன்று மாதங்களில் சேர்ந்தவர்களை விட்டுவிட்டு 40% என்று எழுதுவதா, அல்லது அவர்கள் இதுவரை பணியில் கழித்த நாட்களையும் கணக்கில் சேர்க்கும் முறை ஏதேனும் உண்டா?