அம்ஹாரிக் சுவரொட்டி: காலை 3 மணிக்கு அமர்வா?

வைகைக்கரை:
எங்கள் துறைத்தலைவர் அம்மா அடுத்த வாரம் அடிஸ் அபாபாவில் ஒரு கருத்தரங்கில் பேசப் போகிறார். அங்கிருந்து நிகழ்ச்சி நிரல் சுவரொட்டியைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முழுக்க அம்ஹாரிக். செயலியில் போட்டுப் பார்த்தேன். தேதி "ஹிதார் 17, 2018, புதன்" என்று வருகிறது. முதல் அமர்வு காலை 3:00, மதிய உணவு 6:30, அம்மாவின் அமர்வு பிற்பகல் 8:00 முதல் 9:30 வரை. அடியில் மட்டும் "14:00 இணையவழி இணைப்பு" என்று ஒரு வரி. அரங்கின் பெயர் "ஹ" என்று வருகிறது. பழைய சுவரொட்டியை அனுப்பிவிட்டார்களா? அம்மாவுக்குத் தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செந்தூரான்:
பழசு இல்லை. அங்கே மணிக்கணக்கே வேறு. எல்லா நேரத்தோடும் 6 கூட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. காலை 3 என்றால் 9. இணையவழி இரவு 8 மணிக்கு. 2018 மட்டும் அச்சுப்பிழையாக இருக்கும்.

ஹாரார் வாத்தியார்:
தம்பி செந்தூரான் சொன்னதில் பாதி சரி. நான் எத்தியோப்பியாவில் 11 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். அங்கே பகல் சூரிய உதயத்தில் தொடங்கும். நம் ஜாதகத்தில் உதயாதி நாழிகை எண்ணுகிறோமே, அதே யோசனைதான். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. ஆனால் 6 கூட்டுவதற்கு முன் அந்த வரி எந்தக் கடிகாரத்தில் எழுதியது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாப்பாட்டு வரிதான் சாட்சி. உணவு 6:30 என்று இருப்பதால் உள்ளூர்க் கணக்கு, அதாவது நம் 12:30. ஆனால் உள்ளூர்க் கடிகாரத்தில் 12-க்கு மேல் எண்ணே கிடையாது. ஆகவே 14:00 என்பது வெளிநாட்டவருக்காக ஏற்கெனவே மாற்றி எழுதியது, அதைத் தொடக் கூடாது. பிற்பகல் 8-ஐ மாற்றினாலும் 2 மணிதான் வருகிறது பாருங்கள். அம்மாவின் அமர்வைத்தான் இணையத்திலும் காட்டுகிறார்கள் போலிருக்கிறது.

2018 பிழை இல்லை. அவர்கள் ஆண்டு செப்டம்பரில் பிறக்கும். அதுமுதல் டிசம்பர் முடிய நம்மைவிட 7 ஆண்டு பின்னால், ஜனவரியிலிருந்து 8. ஹிதார் 17 என்றால் 2025 நவம்பர் 26. அன்று புதன்கிழமைதான், சுவரொட்டியிலும் புதன்தான். கிழமை பொருந்தாவிட்டால் தேதியை எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மலர்:
எனக்கு ஜெர்மனியில் இப்படி ஆனது. "பாதி பத்து" என்றார்கள், பத்தரைக்குப் போய் நின்றேன். அவர்களுக்கு அது 9:30. இங்கேயும் 6:30 என்பது ஐந்தரையாக இருக்குமோ?

ஹாரார் வாத்தியார்:
இல்லையம்மா, அது வாயால் சொல்வதில் வரும் குழப்பம். இங்கே எண்ணாகவே அச்சிட்டிருக்கிறது.

வைகைக்கரை:
நன்றி ஐயா. பேச்சாளர் பட்டங்களும் இடிக்கின்றன. ஒருவர் "உதவி செய்யும் பேராசிரியர்", இன்னொருவர் "ஒத்துழைக்கும் பேராசிரியர்". தொடக்க உரைக்கு "கிபுர்" என்று ஒரு பெயர்.

ஹாரார் வாத்தியார்:
ரெதாத் என்றால் உதவிப் பேராசிரியர், தெபாபாரி என்றால் இணைப் பேராசிரியர். கிபுர் பெயரே இல்லை, மாண்புமிகு என்பது போல. அநேகமாக அமைச்சர் யாராவது வருவார். அப்புறம், அங்கே குடும்பப் பெயர் கிடையாது, இரண்டாவதாக இருப்பது அப்பா பெயர். நம் முன்னெழுத்தை விரித்துப் பின்னால் போட்டது மாதிரி. தாளில் இடம் போதவில்லை என்று முதல் பெயரை வெட்டிவிடாதீர்கள். டாக்டர் என்பதோடு முதல் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அம்மா மேடையில் அவருடைய அப்பாவை அழைத்தது போல ஆகும்.

அரங்குதான் எனக்குக் கவலை. நாம் அ, ஆ, இ என்று அறைக்குப் போடுவது போல அவர்கள் ஹ, ல, ஹ, ம என்று போடுவார்கள். முதலாவதும் மூன்றாவதும் வேறு வேறு எழுத்து, ஆனால் இன்று உச்சரிப்பு ஒன்றே. "ஹ அரங்கு" என்று தமிழில் எழுதினால் இரண்டில் எது என்று தெரியாது. முதல் எழுத்து நம் ப போல மேலே வாய் திறந்திருக்கும், மூலை மட்டும் வளைவு. மூன்றாவது, மேலே மூடி கீழே மூன்று கால் ஊன்றி நிற்கும். படத்தில் எப்படி இருக்கிறது?

வைகைக்கரை:
சாய்வாக எடுத்த படம், அந்த மூலையில் விளக்கொளி வேறு அடிக்கிறது. பெரிதாக்கினால் நடுவில் ஒரு கோடு இருப்பது போலவும் இருக்கிறது, நிழல் போலவும் இருக்கிறது.

செந்தூரான்:
முதல் அரங்கு என்றே போடுங்கள், முக்கியப் பேச்சு எல்லாம் அங்கேதான் வைப்பார்கள்.

ஹாரார் வாத்தியார்:
ஊகித்து எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் நேராக நின்று, விளக்கு படாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளில் "மூன்றாம் அரங்கு" என்றோ "முதல் அரங்கு" என்றோ எழுதி, பக்கத்தில் எழுத்தின் படத்தையும் வெட்டி ஒட்டுங்கள். கதவில் அந்த உருவம்தான் இருக்கும்.

வைகைக்கரை:
கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இப்போதைக்குத் தாளில் நவம்பர் 26 புதன், பிற்பகல் 2:00 முதல் 3:30 வரை என்று எழுதி, சுவரொட்டியில் உள்ளபடி "8:00" என்பதையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அரங்கு இருக்கும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.