“84.3இல் அந்தப் புள்ளி மூன்றை நம்புறீங்களா?” – வைவாவில் கேட்டது

தலவாக்கலை மாணவி
போன கிழமை என் ஃபைனல் புரொஜெக்ட் வைவா முடிஞ்சுது. தேயிலைக் கொழுந்து வாட்டுற இடத்துல காற்றின் ஈரப்பதத்தைப் பார்க்கிற சின்னக் கருவி. ஈஎஸ்பி32 போர்ட், DHT22 சென்சர், அவ்வளவுதான். சர்க்கிட் பற்றி, வைஃபை பற்றியெல்லாம் ராத்திரி முழுக்கப் படிச்சிட்டுப் போனேன். சேர் அதுல ஒண்ணுமே கேட்கல. திரையில 84.3 என்று ஓடிக்கிட்டு இருந்ததைக் காட்டி, “அந்தப் புள்ளி மூன்றை நம்புறீங்களா?” என்றார்.

ரிப்போர்ட்ல “துல்லியம் 0.1%” என்று எழுதியிருந்தேன். அது சென்சர் காட்டக்கூடிய மிகச் சின்னப் படி மட்டும். டேட்டாஷீட்ல துல்லியம் ±2%, கூடினால் ±5% என்று இருக்கு. அது அப்பதான் உறைச்சது. “இல்லை சேர், தப்பா எழுதிட்டேன். உண்மையான அளவு 82க்கும் 86க்கும் நடுவுல எங்கயும் இருக்கலாம், அதைவிட விலகியும் இருக்கலாம். நான் எதோடயும் ஒப்பிட்டுப் பார்க்கல” என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. “அப்ப எப்படி ஒப்பிடுவீங்க?” என்பதுதான் அடுத்த கேள்வி.

ஃபெக்டரியில டீமேக்கர் ஈரத்துணி சுற்றின தெர்மாமீட்டரையும் சும்மா தெர்மாமீட்டரையும் பக்கத்துல வச்சு வித்தியாசம் பார்ப்பாரே, அதைச் சொன்னேன். “துணி காய்ஞ்சிருந்தா?” என்றார். ரெண்டும் ஒரே வெப்பநிலை காட்டும், ஈரப்பதம் நூறு என்று ஏமாந்துருவோம் என்றேன். அதுக்கு மேல கேட்கல. வேற யாருக்கும் இப்படிக் கேட்டாங்களா?

பண்டாரவளைத் தம்பி
அக்கா, அதுக்கு ஈஸியான பதில் இருக்கு. ரெண்டு சென்சர் போட்டு சராசரி எடுத்தா துல்லியம் கூடும்னு சொல்லியிருக்கலாம்.

ஹட்டன் அண்ணன்
தம்பி, பாதிதான் சரி. அளவு மேலும் கீழும் துள்ளுறதைச் சராசரி குறைக்கும். ரெண்டு சென்சரும் ஒரே பக்கமா நாலு கூட்டிக் காட்டினா சராசரியும் நாலு கூட்டித்தான் காட்டும். அதைச் சொன்னா அடுத்த கேள்வி அங்கேயே வரும்.

தங்கச்சிக்கிட்ட எப்படி ஒப்பிடுவீங்கன்னு கேட்டதுக்கு வீட்டு உப்பே போதும். ஒரு போத்தல் மூடியில உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணி விட்டு ஈர மணல் மாதிரி ஆக்கணும். கரைஞ்சு தண்ணியாகக் கூடாது. அதையும் சென்சரையும் காற்றுப் புகாத டப்பாவுல வைங்க, உப்பு சென்சர்ல படவே கூடாது. எட்டு மணித்தியாலமாவது விட்டா உள்ளே ஈரப்பதம் 75% கிட்ட நிற்கும். நம்ம குளிருக்கும் அது பெரிசா மாறாது. என் சென்சர் 79 காட்டிச்சு. அதை அப்படியே ரிப்போர்ட்ல போட்டேன், “75இல் நாலு கூடுது, 90க்கு மேல என்ன செய்யுதுன்னு பார்க்கல” என்று. அந்த ரெண்டாவது பாதியைத்தான் பரீட்சகர் அடிக்கோடிட்டு வச்சிருந்தார்.

பதுளை மாணவன்
எனக்குக் கேட்டது வேற. “செக்கனுக்கு அஞ்சு தடவை அளக்கிறேன்”னு பெருமையாச் சொன்னேன். கோட் இதுதான்:

```
float h = dht.readHumidity();
Serial.println(h);
delay(200);
```

மிஸ் என் டேட்டாவைப் பார்த்துட்டு, “ஏன் பத்துப் பத்தா ஒரே எண் வருது?” என்றாங்க. காற்று அசையாம இருந்திருக்கும்னு சமாளிச்சேன். அது பொய். எனக்குக் காரணமே தெரியாது. வெளியில வந்து லைப்ரரியைத் திறந்து பார்த்தா, ரெண்டு செக்கனுக்குள்ள திரும்பக் கேட்டா சென்சரைத் தொடாமப் பழைய எண்ணையே தருது. “தெரியல மிஸ், லைப்ரரிக்குள்ள பார்க்கணும்”னு சொல்லியிருந்தா அந்த இடத்துலயே திறந்து பார்த்திருக்கலாம்.

நுவரெலியா மாணவி
எனக்கு வர்ற செவ்வாய் வைவா. பனிமூட்டம் இறங்கின காலையில என் சென்சர் 99.9லயே நிக்குது, வெயில் வந்த பிறகும் ரொம்ப நேரம் இறங்க மாட்டேங்குது. கோட்ல பிழையா?

ஹட்டன் அண்ணன்
கோட் இல்லை. சென்சர்மேல தண்ணி படிஞ்சா அது காயும்வரை காற்றை அளக்காது. அந்த நேரத்து எண்களைக் கிராஃப்ல இருந்து அழிச்சிராதீங்க, நிறம் மாற்றிக் காட்டி “இதை நம்பல”ன்னு எழுதுங்க. எத்தனை மணிக்கு மறுபடி நம்பலாம்னு கேட்டா எனக்கும் தெளிவான பதில் கிடையாது. பக்கத்துல இன்னொரு அளவு இருந்தாத்தான் சொல்ல முடியும்.

தலவாக்கலை மாணவி
அண்ணா, நேற்று ராத்திரி உப்பு டப்பாவுல வச்சேன். ஆறு மணித்தியாலத்துல 71. இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. திறக்காம விட்டிருக்கேன்.