சீனை அழைக்கும்போது மியூட் குரூப் திறந்துகொள்ளாமல் காப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எட்டுக் குழுக்கள் அடுத்தடுத்து மேடையேறும் நிகழ்ச்சிக்காக, 32 சேனல் டிஜிட்டல் மிக்சரில் குழுவுக்கு ஒன்றாக ஒத்திகையிலேயே சீன்களைச் சேமித்து வருகிறேன். சீன் மாறும் நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர் தொகுப்பாளர் என்பதால், அவருடைய மைக்கையும் மெயின் ஃபேடரையும் ரீகால் சேஃபில் வைத்துவிட்டேன்.

டிரம் மைக்குகள் ஒரு சப்குரூப் வழியாக மட்டுமே மெயினுக்குச் செல்கின்றன. ஆனால் அந்தச் சப்குரூப்பை மியூட் செய்தால் அரங்கத்துக்குச் செல்லும் ஒலிதான் நிற்கிறது. ப்ரீ ஃபேடர் ஆக்ஸ் வழியாக மேடை மானிட்டருக்குப் போகும் ஒலி நிற்பதில்லை என்பதால், கேபிளைப் பிடுங்கும்போது எழும் 'டப்' என்ற சத்தம் அங்கே பலமாகக் கேட்கிறது. ஆகவே, தொகுப்பாளரின் மைக் நீங்கலாக மேடைச் சேனல்கள் அனைத்தையும் ஒரே மியூட் குரூப்பில் சேர்த்திருக்கிறேன்.

என் ஐயம் இதுதான்: மியூட் குரூப் இயங்கும்போது அடுத்த சீனை அழைத்தால், அதில் சேமிக்கப்பட்ட நிலை சேனல்களைத் திறந்துவிடுகிறது. மியூட் நிலையை ரீகாலிலிருந்தே விலக்கினால், அடுத்த குழுவுக்குத் தேவையற்ற மைக்குகளும் திறந்தே கிடக்கும். எல்லாச் சீன்களையும் மியூட் குரூப்பை இயக்கிய நிலையிலேயே சேமிப்பது சரியான வழியா? இம்முறையில் பணியாற்றியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.